ரத்தன் டாடா யாருடைய வாரிசு?

கேள்வி: "ஐயா, ஜே.ஆர்.டி. டாடாவுக்குப் பிள்ளைகள் இல்லை என்று போன பேச்சில் சொன்னீர்கள். அப்படியானால் ரத்தன் டாடா எந்த வழியில் வந்தார்? இப்போது டாடா குழுமம் எந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது?"

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு கூட்டம் முடிந்தபோது ஒருவர் காகிதத்தில் ஜாம்ஷெட்ஜி, ஜே.ஆர்.டி., ரத்தன் என்று மூன்று பெயரை எழுதி, தாத்தா, அப்பா, பிள்ளை என்று மேலிருந்து கீழே கோடு போட்டுக் காட்டினார். மூன்று பெயரும் சரி, இரண்டு கோடும் தப்பு.

குழுமத்தைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி 1904-ல் இறந்தார். அவருக்கு இரண்டு மகன்கள்: தோராப்ஜி, ரத்தன்ஜி. இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. நேர் வம்சம் அங்கேயே நின்றுவிட்டது. ஜே.ஆர்.டி.யின் அப்பா ஆர்.டி. டாடா, ஜாம்ஷெட்ஜிக்கு மாமா மகன், தொழிலில் பங்காளியும்கூட. அதனால் ஜே.ஆர்.டி. பக்கக் கிளை. அவரும் உடனே வரவில்லை. 1932-ல் தோராப்ஜி போனபிறகு, தலைவராக உட்கார்ந்தவர் நௌரோஜி சக்லத்வாலா. அவர் ஜாம்ஷெட்ஜியின் சகோதரி மகன், பெயரில் டாடாவே கிடையாது. ஜே.ஆர்.டி. தலைவரானது 1938-ல்.

சரி, ரத்தன் டாடா? அவருடைய அப்பா நாவல். நாவல் அநாதை விடுதியில் வளர்ந்த பையன். ஜாம்ஷெட்ஜியின் சின்ன மகன் ரத்தன்ஜி 1918-ல் இறந்தபிறகு, அவருடைய மனைவி நவாஜ்பாய் அந்தப் பையனைத் தத்து எடுத்தார். நாவலின் பாட்டி, ஜாம்ஷெட்ஜியின் மனைவி ஹீராபாயின் சகோதரி என்பதால் தூரத்து உறவும் உண்டு. ஆக, ரத்தன் டாடா ஜாம்ஷெட்ஜிக்குத் தத்து வழியில் கொள்ளுப்பேரன். அவர் ஜே.ஆர்.டி.க்கு மகனும் அல்ல, தம்பி மகனும் அல்ல. 1991-ல் ஜே.ஆர்.டி. அவரைத் தலைவராக்கினார், அப்பா பிள்ளைக்குக் கொடுத்த மாதிரி அல்ல.

பழைய நேயர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது தெரியும்: பெயரைப் பார்க்காதீர்கள், பங்கைப் பாருங்கள். இங்கே அது அப்படியே பொருந்துகிறது. பிள்ளையில்லாத அந்த இரண்டு மகன்களும் தங்கள் சொத்தில் பெரும்பகுதியை அறக்கட்டளைகளுக்கு எழுதிவைத்தார்கள். ரத்தன்ஜியின் பெயரில் சர் ரத்தன் டாடா அறக்கட்டளை 1919-ல் வந்தது, சர் தோராப்ஜி அறக்கட்டளை 1932-ல். இந்த இரண்டு மட்டுமே குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸில் பாதிக்கு மேல் வைத்திருக்கின்றன. மற்ற டாடா அறக்கட்டளைகளையும் சேர்த்தால் சுமார் 66 சதவீதம். ரத்தன் டாடாவின் சொந்தப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. அவர் உயில் எழுதினாலும் டாடா சன்ஸில் அந்தச் சிறு துண்டைத்தான் எழுத முடிந்திருக்கும். அறக்கட்டளைப் பங்கு யாருக்கும் வாரிசுரிமையாகப் போகாது.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டிசிஎஸ் மாதிரி பட்டியலிட்ட கம்பெனி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர் விவரத்தைப் பங்குச்சந்தையில் கொடுக்கும். அதில் 'புரமோட்டர்' பகுதியைத் திறந்தால் டாடா சன்ஸ் என்றுதான் இருக்கும், எந்த மனிதருடைய பெயரும் பெரிதாக நிற்காது. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு படி மேலே போய், டாடா சன்ஸின் பங்கு யாரிடம் என்று பார்க்க வேண்டும். அது பட்டியலிடாத கம்பெனி, அதனால் கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் MGT-7 ஆண்டறிக்கையைத் தேட வேண்டும்.

அங்கே போனவர்களும் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். ஷபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்தின் மிஸ்திரி குடும்பத்திடம் 18.4 சதவீதம் இருக்கிறது. அறக்கட்டளைகளுக்கு அடுத்த பெரிய பங்கு அதுதான். அந்தக் குடும்பத்தின் சைரஸ் மிஸ்திரி 2012-ல் டாடா சன்ஸ் தலைவரும் ஆனார். பங்கும் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது, அப்புறம் என்ன? 2016 அக்டோபரில் இயக்குநர் குழு அவரை நீக்கிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-ல் டாடா சன்ஸ் பக்கம் தீர்ப்பு வந்தது. காரணம் கம்பெனியின் விதிகளில் இருக்கிறது. இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கை அறக்கட்டளைகள் நியமிக்கலாம். இயக்குநர் குழு ஒரு முடிவு எடுக்க, அப்படி வந்தவர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும். அதனால் என் பேச்சில் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்: பங்கைப் பாருங்கள், விதிகளையும் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். அந்த அறங்காவலர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அவர்களேதான். 2024 அக்டோபரில் ரத்தன் டாடா இறந்ததும், அறங்காவலர்கள் கூடி, நாவலின் இரண்டாம் மனைவியின் மகன் நோயலை அறக்கட்டளைகளின் தலைவராக்கினார்கள். அவரும் டாடாதான், அதனால் குடும்பம் தொடர்கிறது என்று சொல்லலாம். ஆனால் டாடா சன்ஸின் தலைவர் நாற்காலியில் 2017 முதல் இருப்பவர் நம்ம ஊர் என். சந்திரசேகரன். நோயலின் மனைவி சைரஸ் மிஸ்திரியின் சகோதரி. அந்த 18.4 சதவீதக் குடும்பத்துக் கதையைக் கேட்டும் சிலர் எழுதியிருக்கிறீர்கள், அதை அடுத்த முறை தனியாக எடுக்கிறேன்.