கொம்புச்சா பாட்டிலில் வண்டல், நுரை, 0.5 சதவீதம்

கேள்வி: "சார், வேளச்சேரியில் இருக்கிறோம். ஆன்லைனில் வாங்கிய கொம்புச்சாவின் அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. திறந்தால் பொங்கி வழிகிறது. லேபிளில் ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் மது தொடுவதில்லை. இதைக் குடிக்கலாமா?"

கொம்புச்சா என்பது சர்க்கரை போட்ட டீயை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் புளிக்கவைத்த பானம். வண்டலைப் பற்றிக் கவலை வேண்டாம். அடியில் தங்குவது ஈஸ்ட். நூல் நூலாக மிதந்தால் அது பாக்டீரியா உண்டாக்கும் செல்லுலோஸ். மேற்பரப்பில் உலர்ந்து, பஞ்சு போல, வெள்ளையாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ ஏதாவது இருந்தால் மட்டும் அது பூஞ்சை. அந்தப் பாட்டிலை முழுசாகக் கொட்டிவிடுங்கள்.

பொங்குவதைத்தான் கவனிக்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் சேர்த்தே வெளிவிடும். திறந்த ஜாடியில் ஊறும்போது அந்த ஆல்கஹாலின் பெரும்பகுதியைக் கூடவே இருக்கும் பாக்டீரியா புளிப்பாக மாற்றிவிடும். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். மூடிய பாட்டிலில் காற்று இல்லை, அதனால் அது ஓய்ந்துவிடும். ஈஸ்ட்டுக்குக் காற்று தேவையில்லை, அது வேலையைத் தொடரும். வெயில் காலத்தில் இட்லி மாவு சீக்கிரம் பொங்குகிற மாதிரி, சூட்டில் ஈஸ்ட்டின் வேகமும் கூடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 300 மி.லி. பாட்டில், 100 மி.லி.க்கு 4 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மொத்தம் 12 கிராம். அதில் இரண்டரை கிராமை, அதாவது அரை டீஸ்பூன் அளவை, ஈஸ்ட் தின்றாலே ஆல்கஹால் ஏறக்குறைய அரை சதவீதம் கூடிவிடும். லேபிளில் இருப்பது குளிரில் வைத்தால் நிற்கும் அளவு. மே மாத வெயிலில் டெலிவரி வண்டியிலும் வாசலிலும் கிடந்த பாட்டிலுக்கு அந்த எண்ணை நம்ப முடியாது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானம். அமெரிக்காவிலும் அதே கோடுதான். 2010-ல் அங்கே கடைகளிலிருந்து கொம்புச்சாவை எடுத்துவிட்டதற்குக் காரணமே, பாட்டிலுக்குள் அளவு ஏறியிருக்கலாம் என்ற சந்தேகம்தான்.

நுரையை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. சில கம்பெனிகள் பாஸ்சரைஸ் செய்து, அதாவது சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, பிறகு கேஸ் ஏற்றுவார்கள். அதில் நுரை இருக்கும், ஆல்கஹால் ஏறாது. லேபிளில் 'பாஸ்சரைஸ் செய்யாதது', 'குளிரில் வைக்கவும்' என்று இருந்தால் உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்ட பாட்டில் முன்பு வாங்கியதைவிட அதிகம் பொங்கி, இனிப்பும் குறைந்திருந்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். ஆல்கஹால் எவ்வளவு என்று நாக்கு சொல்லாது, லேப் சோதனைதான் சொல்லும்.

0.5 சதவீதத்தில் 300 மி.லி.யில் இருப்பது ஒன்றரை மி.லி. ஆல்கஹால். பெரும்பாலோருக்கு அதனால் போதை வராது. ஆனால் மதுவே கூடாது என்பது உங்கள் வீட்டு நியமம் என்றால், பாஸ்சரைஸ் செய்யாததை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அதே பதில்தான்.

கையில் இருக்கும் பாட்டிலை உடனே திறக்காதீர்கள். ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, சிங்க்கில் நிறுத்தி, துணி போட்டு மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். குலுக்கவே கூடாது, கண்ணாடி வெடிக்கலாம்.