சான்றிதழ் வந்தாச்சு, ஆளெடுப்பவருக்கு என்ன எழுதுவது?

வணக்கம் நேயர்களே. நிறுவனங்களுக்கு ஆள் தேடிக் கொடுப்பது என் தொழில். என் தப்பு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

திட்ட ஒருங்கிணைப்பாளராக இருந்த ஒருவர், திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழ்த் தேர்வில் தேறியதும் “ஒரு நல்ல செய்தி” என்ற தலைப்பில் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். சான்றிதழின் புகைப்படத்தையும் இணைத்திருந்தார். வாழ்த்துகள் என்று பதில் போட்டேன், அதோடு சரி. சில மாதம் கழித்துத் திட்ட மேலாளர் ஒருவர் தேவைப்பட்டார். எங்கள் மென்பொருளில் ‘PMP’ என்று தட்டித் தேடினேன். அவர் பெயர் வரவில்லை. அந்தத் தேடல் பார்ப்பது சுயவிவரக் கோப்பில் உள்ள எழுத்துகளை. அவருடைய பழைய கோப்பில் அந்த மூன்றெழுத்து இல்லை, புகைப்படத்துக்குள் இருப்பதோ அதன் கண்ணில் படாது.

அதனால் முதல் வேலை, சுயவிவரத்தைத் திருத்துவது. சான்றிதழின் முழுப்பெயர், சுருக்கம் இரண்டையும் எழுதுங்கள். யார் எதைத் தட்டுவார்கள் என்று சொல்ல முடியாதே! பெற்ற மாதமும் காலாவதியாகும் மாதமும் இருக்கட்டும், பி.எம்.பி. மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அப்புறம், முன்பு பேசிய அதே மின்னஞ்சல் தொடரில் பதிலாக அனுப்புங்கள். நீங்கள் யார் என்று நாங்கள் தேட வேண்டியிருக்காது.

அவர் இப்படி எழுதியிருந்தால் போதும்:

“வணக்கம். மார்ச் மாதம் ஒருங்கிணைப்பாளர் வேலைக்காகப் பேசியிருந்தோம். இந்த மாதம் 12ஆம் தேதி பி.எம்.பி. சான்றிதழ் பெற்றேன், சரிபார்க்கும் இணைப்பு கீழே உள்ளது. இப்போதைய வேலையில் ஆறு பேர் குழுவை வைத்து இரண்டு திட்டங்களைத் தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை நடத்தியிருக்கிறேன். இனி என்னைத் திட்ட மேலாளர் வேலைகளுக்குப் பரிசீலிக்க வேண்டுகிறேன். புதிய சுயவிவரம் இணைப்பில். ஒரு மாத முன்னறிவிப்பில் சேர முடியும்.”

இதில் பலர் விட்டுவிடுவது ‘இனி என்னைத் திட்ட மேலாளர் வேலைகளுக்கு’ என்ற வரியைத்தான். எங்கள் பட்டியலில் உங்கள் பெயர் பழைய பதவியின் கீழேயே கிடக்கும். நீங்கள் சொல்லாமல் அதை யாரும் இடம் மாற்ற மாட்டார்கள். அந்தக் குழு பற்றிய வரியும் முக்கியம். பரீட்சை எழுதியவர் என்பதைச் சான்றிதழ் காட்டிவிடும், ஆனால் அந்த வேலையைச் செய்தாரா என்றுதான் நிறுவனத்தார் முதலில் என்னிடம் கேட்பார்கள். பதில் கையில் இல்லையென்றால் உங்கள் பெயரை நான் முன்வைப்பதே கடினம்.

படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். தேர்ச்சி உறுதியாகி, சரிபார்க்கும் பக்கத்தில் உங்கள் பெயர் வந்த பிறகு எழுதுங்கள். நான் இணைப்பைத் திறக்கும்போது பக்கம் வெறுமையாக இருந்தால், அடுத்த முறை திறப்பேனா என்பது சந்தேகம்தான்.

அந்த நண்பருக்கு நானே போன் செய்து புதிய சுயவிவரம் கேட்டேன். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டார்.