100 பில்லுக்கு 100 போட்டோ இருக்கு, அப்படியும் ஒரு பில் காணோம்!

[திரையில்: பில் புக் அட்டை, 1201–1300]

வணக்கம் மக்களே! கோத்தகிரியில் ஒரு உரக்கடை என்று வைத்துக்கொள்வோம். 100 பில் உள்ள புக் முழுவதையும் மொபைலில் போட்டோ எடுத்து ஆடிட்டருக்கு அனுப்பியாச்சு. எண்ணிப் பார்த்தால் போட்டோவும் சரியாக 100. முதலாளிக்கு நிம்மதி. ஆனால் அந்த எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

ஒவ்வொரு போட்டோவிலும் இருக்கும் பில் நம்பரை எக்செலில் A காலத்தில் அடித்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். A1-இல் தலைப்பு இருக்கட்டும். முதல் நம்பருக்கு மேலே A2-இல் 1200, கடைசிக்குக் கீழே 1301 என்று நீங்களே சேருங்கள். இது இல்லையென்றால் புக்கின் முதல் பில்லோ கடைசி பில்லோ காணாமல் போனாலும் தெரியவே தெரியாது. அப்புறம் B3-இல் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=A3-A2
```

1 வந்தால் சரி. 0 வந்தால் அதே நம்பர் இரண்டு முறை இருக்கிறது. 2 வந்தால் நடுவில் ஒன்று இல்லை.

[திரையில்: 0, 2, 0, 2 சிவப்பில்]

நம்ம புக்கில் 1246-உம் 1281-உம் இரண்டிரண்டு. 1264-உம் 1287-உம் இல்லை. இரண்டு கூடி இரண்டு குறைந்ததால்தான் மொத்தம் 100 என்று காட்டியது!

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1264-இலிருந்து 1246-ஐக் கழித்தால் 18. இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும், கணக்கு எழுதுகிறவர்கள் காலம்காலமாகப் பிடித்துவைத்திருக்கும் துப்பு இது. 64-ஐ 46 என்று அடித்துவிட்டார்கள் போல. ஆனால் துப்பு மட்டும்தான், போட்டோவைத் திறந்து பார்த்தே தீர வேண்டும். பார்த்தால் தெளிவாக 1264. ஒன்று முடிந்தது.

அடுத்து 1281, 1287. வித்தியாசம் 6, அதனால் இடம் மாறவில்லை. 7-ஐ 1 என்று படித்திருக்கலாமோ? இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே தேதி, ஒரே தொகை, ஒரே மூலையில் அதே கார்பன் கறை. ஒரே தாளை இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் 1287 உண்மையிலேயே போட்டோவில் இல்லை.

உடனே யாரையும் சந்தேகப்படாதீர்கள், தயவுசெய்து! நம்ம ஊர் மூடுபனியில் தாள் ஈரம் கோத்து, இரண்டு சேர்ந்தே புரண்டுவிடும். புக்கையே எடுத்துப் புரட்டுங்கள். டூப்ளிகேட் ஒட்டியிருந்தால் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். கேன்சல் செய்த பில் என்றால் ஒரிஜினலும் டூப்ளிகேட்டும் இரண்டுமே புக்கில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆவது அட்டவணையில் எந்த நம்பர் முதல் எந்த நம்பர் வரை, அதில் எத்தனை கேன்சல் என்று கேட்கிறார்கள், அங்கேயும் இதைக் காட்ட வேண்டும்.

[திரையில்: தையல் ஓரம், குளோசப்]

இந்தப் புக்கில் ஒட்டவும் இல்லை, கேன்சலும் இல்லை. தையல் ஓரத்தில் கிழிந்த துணுக்கு மட்டும் இருக்கிறது. 1286-இலும் 1288-இலும் ஒரே தேதி, அதனால் தேட வேண்டியது ஒரே நாள்தான். அன்றைய ஸ்டாக் புக்கில் பொட்டாஷ் 4 மூட்டை வெளியே போயிருக்கிறது, ஆனால் மற்ற பில்களில் 3 மூட்டைதான். மீதி ஒரு மூட்டையின் பணம் கேஷ் புக்கில் இருக்கிறதா? முதலாளி முதலில் பார்க்க வேண்டிய வரி அதுதான்.