பழைய மின்கம்பியின் கணக்கு எங்கே போகிறது?

(மட்டக்களப்பில் உயர்தர வணிகப்பிரிவு மாணவர்களுக்கும் கணக்குப் பிரிவுகளில் வேலை செய்வோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் வகுப்பில் படிப்பது இரட்டைப் பதிவு முறை. நான் இன்று பேச வந்தது இரட்டைக் கணக்கு முறை. பதிவு செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். ஆண்டு முடிவில் கணக்கைக் காட்டும் விதத்தில்தான் வித்தியாசம். சாதாரணக் கம்பனி ஒரே ஐந்தொகையில் எல்லாவற்றையும் காட்டும். இந்த முறையில் அது இரண்டாகப் பிரியும். நிலையான சொத்துகளும் அவற்றை வாங்கத் திரட்டிய பங்குப் பணமும் கடனும் மூலதனக் கணக்கில் இருக்கும். மீதி எல்லாம் பொது ஐந்தொகைக்குப் போகும். வருடாந்த வரவு செலவு வருமானக் கணக்கில் வரும்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? 1840களில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஹட்சன் என்றொரு ரயில்வே முதலாளி இருந்தார். முதலீட்டுப் பணத்திலிருந்தே பங்கிலாபம் கொடுத்தார், வருமானத்தில் சேரவேண்டிய செலவை மூலதனத்தில் போட்டார் என்று 1849 இல் அவருடைய விவகாரம் வெளியே வந்தது. 1868 இல் ரயில்வே கம்பனிகள் எந்தப் படிவத்தில் கணக்குக் காட்டவேண்டும் என்று சட்டமே விதித்தது. அதே அமைப்பு பின்னர் எரிவாயு, மின்சாரக் கம்பனிகளுக்கும் வந்தது. மக்களிடம் வாங்கிய பணம் எவ்வளவு, அதில் எவ்வளவு தண்டவாளமாகவும் கம்பியாகவும் நிற்கிறது என்று யாரும் பார்க்கலாம். நோக்கம் அவ்வளவுதான்.

சரி, உதாரணத்துக்கு வருவோம். கல்லடிக் கரையோரமாக மின்சாரம் கொடுக்கும் ஒரு கம்பனி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைக் கம்பனிதான். 30 வருடங்களுக்கு முன் 50 இலட்சம் ரூபாய்க்கு ஒரு விநியோக லைன் போட்டது. மரக் கம்பங்கள், செப்புக் கம்பி. உப்புக்காற்றில் கம்பியும் இணைப்புகளும் அரித்துப்போய்விட்டன. இப்போது அதைக் கழற்றிவிட்டு, கொங்கிறீற் கம்பங்களும் தடித்த கம்பியும் கூடுதல் ட்ரான்ஸ்போமர்களும் போடுகிறார்கள். செலவு 175 இலட்சம். பழைய லைனில் எடுத்த 5 இலட்சம் பெறுமதியான பொருள் புதிய லைனிலேயே போடப்படுகிறது. ஆக, புதிய லைனின் மொத்தச் செலவு 180 இலட்சம். மிஞ்சிய பழைய செப்பை 8 இலட்சத்துக்கு விற்றுவிட்டார்கள்.

நீங்கள் படித்த முறையில் பழைய 50 இலட்சத்தைச் சொத்திலிருந்து நீக்கி, திரண்ட தேய்மானத்தையும் நீக்கி, புதிய 180 இலட்சத்தைப் பதிவீர்கள். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 சொல்வதும் அதுதான். இரட்டைக் கணக்கு முறையில் பழைய 50 இலட்சம் நீங்காது. லைன் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் அந்த எண் மூலதனக் கணக்கில் அப்படியே நிற்கும். அங்கே கேட்கும் கேள்வி வேறு: பழைய லைனை, அதே கொள்ளளவில், இன்றைய விலைக்குப் போட்டால் எவ்வளவு முடியும்?

பொறியியலாளர் கணக்குப் போடுகிறார். பழைய 50 இலட்சத்தில் பொருள் 30, கூலி 20. பொருள் விலை இரண்டு மடங்காகியிருக்கிறது, ஆகவே 60. கூலி மூன்று மடங்கு, அதுவும் 60. மொத்தம் 120 இலட்சம். இந்த 120 இலட்சமும் பழையதை மீட்டு வைக்கும் செலவு, வருமானத்தின் பொறுப்பு. 180 இல் 120 போக மிஞ்சும் 60 இலட்சம்தான் கம்பனிக்குப் புதிதாகக் கிடைத்த வலு. அது மட்டுமே மூலதனக் கணக்கில் ஏறும். 

பதிவில் பார்த்தால், பிரதியீட்டுக் கணக்கில் 120 இலட்சம் வரவு. விற்ற செப்பின் 8 இலட்சமும் திரும்பப் போட்ட பொருளின் 5 இலட்சமும் அந்தக் கணக்கில் செலவு. மீதி 107 இலட்சம். மாணவர்கள் வழமையாகத் தடுக்கி விழும் இடம் அந்த 5 இலட்சம். அதற்குக் காசு கைமாறவில்லை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அது பழைய லைனிலிருந்து வந்து புதிய வேலைக்குப் போன பொருள். பிரதியீட்டைக் குறைக்கும், புதிய வேலையைக் கூட்டும். சரிபார்க்க வேண்டுமா? கையை விட்டுப் போன காசு 175 இல் 8 கழித்தால் 167. மூலதனத்துக்கு 60, வருமானத்துக்கு 107. அதுவும் 167.

இந்த 107 இலட்சத்தை ஒரே வருடத்து வருமானத்தில் போட்டால் அந்த வருடம் பங்கிலாபமே இருக்காது. 30 வருடமாகப் பாவித்தவர்களை விட்டுவிட்டு, இந்த வருடத்துக்காரர் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுவது நியாயமும் இல்லை. அதற்குத்தான் பிரதியீட்டு ஒதுக்கம். வருடா வருடம் 3 இலட்சத்தை வருமானக் கணக்கில் வரவு வைத்து ஒதுக்கத்தில் சேர்த்துவந்தார்கள். 30 வருடத்தில் 90 இலட்சம். 107 இல் 90 ஐ ஒதுக்கம் தாங்கும், மீதி 17 மட்டும் இந்த வருட வருமானத்தில் விழும்.

அவர்கள் பழைய செலவை மட்டும் 30 ஆல் பிரித்திருந்தால் சேர்ந்திருப்பது 50 தான் என்பதையும் கவனியுங்கள். விலைவாசி ஏறும் நாட்டில் ஒதுக்கத் தொகையை சில வருடத்துக்கொரு தடவை திரும்பப் பார்க்காவிட்டால் இதுதான் கதி.

இன்னொன்று. ஒதுக்கம் என்பது காசு இல்லை. பொது ஐந்தொகையில் ஒரு பக்கம் 90 இலட்சம் ஒதுக்கம் என்று எழுதியிருக்கும். எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே முதலீடும் வங்கி மீதியும் அதற்கு ஈடாக இருந்தால் லைன் மாற்றலாம். களஞ்சியப் பொருளும் கட்டாத பில்காரர்களும்தான் இருக்கிறார்கள் என்றால், அந்தக் காசு எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டது, இனிக் கடன்தான்.

இந்த முறையின் பலவீனமான இடம் அந்த 120 என்ற மதிப்பீடு. அதை 80 என்று எழுதிவிட்டால் மூலதனத்தில் 100 ஏறும், வருமானத்தில் 40 இலட்சம் குறைவாக விழும், இலாபம் அழகாகத் தெரியும். கண்டுபிடிக்க வழி உண்டு. மூலதனக் கணக்கில் முன்னைய ஆண்டுகள் வரை, இந்த ஆண்டில், மொத்தம் என்று மூன்று நிரல்கள் இருக்கும். நடு நிரலில் பெரிய தொகை ஏறியிருக்கிறது, ஆனால் ட்ரான்ஸ்போமர் கொள்ளளவும் பாவனையாளர் தொகையும் கூடவில்லை என்றால் கேள்வி கேட்கவேண்டும். எல்லா இடத்திலும் நேரான விடையும் கிடையாது. மரக் கம்பத்துக்குப் பதில் கொங்கிறீற் கம்பம் என்பது முன்னேற்றமா, பிரதியீடா? என் கருத்தில் இன்று வழக்கமாக நடுவது கொங்கிறீற் என்றால் அது பிரதியீடுதான். கம்பம் மாறியதால் ஒரு அலகு மின்சாரம் கூடுதலாக விற்கப்போவதில்லை. மாற்றிச் சொல்லும் கணக்காளர்களும் உண்டு.

இந்த முறைப்படி மூலதனக் கணக்கில் இப்போது 110 இலட்சம் நிற்கும், பழைய 50 உம் புதிய 60 உம். நிற்கும் லைனின் செலவோ 180. இந்த 110 அதன் விலையும் இல்லை, இன்றைய பெறுமதியும் இல்லை. முதலீடாகத் திரட்டிய பணத்தில் லைனாக நிற்பது எவ்வளவு என்பதற்கு மட்டுமே அது பதில். இன்று இந்த முறை வழக்கொழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி கேட்டார்: "சேர், 1978 நவம்பர் புயல் மாதிரி வந்து லைன் எல்லாம் விழுந்தால் ஒதுக்கம் போதுமா?"

போதாது. லைன் போட்டு 8 வருடம் என்றால் சேர்ந்திருப்பது 24 இலட்சம். திரும்பப் போட 60 இலட்சம் என்று வைத்தால் 36 இலட்சம் துண்டு விழும். ஒரே வருடத்தில் தாங்க முடியாதென்றால் அதைப் பொது ஐந்தொகையில் பிற்போட்ட செலவாக நிறுத்தி, சில வருடங்களில் வருமானத்திலிருந்து தீர்க்கலாம். மூலதனக் கணக்கில் மட்டும் போடக்கூடாது. விழுந்த லைன் திரும்ப நிமிர்ந்ததே தவிர, இரண்டாவது லைன் வரவில்லை.