ஏட்டில் ஏறாத பிள்ளைகள்
(படுவான்கரை வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் வாசிகசாலைத் தலைவர் அவர்களே, அலுவலகத்தில் குவிந்து கிடக்கிற கோப்புகளை விட்டுவிட்டு வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, கோயில் வண்ணக்கர் ஐயா அவர்களே, பாலம் தாண்டி ஆரையம்பதியிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரிய நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டிப்போ முகாமையாளர் ஐயா அவர்களே, தாய்மாரே, பிள்ளைகளே, வணக்கம். யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் வண்ணக்கர் ஐயா என்னை மன்னிக்க மாட்டார் என்று தெரியும். அவருக்கு மட்டும் இன்னொரு தடவை வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'கணிதமும் நாளாந்த வாழ்வும்'. மூன்று விடயங்கள் பேசலாம் என்று குறித்து வந்தேன். ஒன்று, வரைபை வாசிப்பது எப்படி. இரண்டு, க.பொ.த. சாதாரண தரத்தில் எங்கள் பிள்ளைகள் கணக்கில் எங்கே தடுமாறுகிறார்கள். மூன்று, இந்த வாசிகசாலைக்கு என்ன நூல்கள் வாங்க வேண்டும். வரவேற்புரை கொஞ்சம் நீண்டுவிட்டதால் எது மிஞ்சும் என்று பார்ப்போம்.

எங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்கிற ஒன்று உண்டு: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நானும் எங்கே பேசினாலும் இதைச் சொல்லிவிடுவேன். வீட்டில் இதைச் சொல்லி நிறையப் பேச்சு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைபு பற்றிப் பேச ஒரு கதை கொண்டுவந்திருக்கிறேன். நானே கட்டிய சிறுகதை. எண்களும் கதைக்காக வைத்தவைதான். கதாநாயகன் ஒரு பஸ் கொண்டக்டர். அவருக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் நாளைக்கே அந்தப் பெயருள்ளவர் வந்து என்னைக் கேட்பார்.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள ஒரு ஊரிலிருந்து காலை 6.10க்கு வெளிக்கிடுகிற பஸ். கொக்கட்டிச்சோலை வந்து, மண்முனைப் பாலம் ஏறி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று மட்டக்களப்பு நகரத்துக்குப் போகும். பாலம் 2014 இல் திறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்தவர்கள் இந்தச் சபையிலேயே கனக்கப் பேர் இருக்கிறீர்கள். சரி, கதைக்கு வருவோம்.

ஒருநாள் டிப்போ சுவரில் ஒரு வரைபு தொங்குகிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் மாதச் சராசரியாக எத்தனை டிக்கெட் போனது என்று கிளார்க் தம்பி அழகாகக் கீறியிருக்கிறார். பகல் பயணம் 55, பின்னேரப் பயணம் 58. எங்கள் 6.10 பஸ்ஸுக்கு 43. கீழே ஒரு குறிப்பு: 'ஆட்கள் குறைவு. 7 மணிப் பயணத்தோடு சேர்க்க யோசிக்கவும்.'

கொண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. அந்த பஸ்ஸில் அவர் ஒருநாளும் நடந்து போய் டிக்கெட் கொடுத்ததில்லை. ஆட்களுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்துதான் போவார். ஒரு தடவை மூக்குக் கண்ணாடி ஒரு பிள்ளையின் புத்தகப் பைக்குள் போய், அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் தாய் தரிப்பிடத்தில் நின்று கொண்டுவந்து கொடுத்தா. அப்படிப்பட்ட பஸ்ஸுக்கு ஆட்கள் குறைவாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவரும் சொல்லிக்கொண்டார். ஆனால் கோபத்தைக் கொண்டு முகாமையாளரிடம் போக முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

மகளின் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை வாங்கினார். தன்னுடைய பழைய வே பில்களின் நகல்களை எடுத்தார். வே பில் என்றால், எந்தத் தரிப்பிடத்தில் டிக்கெட் இலக்கம் எதுவரை போனது என்று கொண்டக்டர் எழுதி ஒப்படைக்கிற தாள். மாதச் சராசரி அவருக்கு வேண்டாம். நாளுக்கு ஒரு புள்ளி வைத்தார். 'பள்ளிக்கூட நாளுக்குச் சிவப்புப் போடுங்க அப்பா, லீவு நாளுக்கு நீலம்' என்று மகள் சொன்னாள். அந்த யோசனை இல்லாவிட்டால் கதையே இல்லை.

போயா நாட்களில் புள்ளி இருபதுக்கு இறங்கியது. நகரத்தில் அலுவலகமும் இல்லை, பள்ளியும் இல்லை, அது எல்லோருக்கும் விளங்கும். விளங்காதது மற்றது. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் 40, 41, 42 என்று கிட்டத்தட்ட ஒரே கோட்டில் கிடந்தன. மற்ற நீலப் புள்ளிகள் 50, 66, 54, 61 என்று மேலும் கீழும் துள்ளின. பள்ளி லீவு விட்டால் பஸ் காலியாக அல்லவா வேண்டும்? டிக்கெட் கூடுகிறதே!

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். மனிதர்கள் தினமும் ஒரே எண்ணிக்கையில் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. மழை, காய்ச்சல், சம்பள நாள், கல்யாண வீடு என்று ஏதாவது இருக்கும். அப்படியிருக்க எண்ணிக்கை ஆடாமல் அசையாமல் நின்றால், அங்கே ஏதோ ஒன்று மேலே மூடி போட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். வயலில் எவ்வளவு விளைந்தாலும் மரைக்காலில் ஒரு தடவைக்கு ஒரு மரைக்கால் நெல்தான் நிற்கும். கொண்டக்டரின் சிவப்புக் கோடு சொன்னது பஸ்ஸின் அளவை. எத்தனை பேர் ஏற வந்தார்கள் என்று அது சொல்லவில்லை.

மூடி எது? சீசன் பிள்ளைகள். நகரத்துப் பள்ளிகளுக்குப் போகிற 34 பிள்ளைகள் தொடக்க இரண்டு தரிப்பிடங்களிலேயே ஏறி, கடைசிவரை இறங்காமல் வருகிறார்கள். கையில் சீசன் அட்டை இருப்பதால் டிக்கெட் கிழிக்கிற வேலை இல்லை. சீசன் காசு மாதம் ஒருதடவை வேறொரு கணக்கில் விழுகிறது. அதனால் வரைபில் அந்த 34 பேரும் பிறக்கவே இல்லை. 41ம் 34ம் 75. அதற்கு மேல் அந்த பஸ்ஸில் மூச்சுவிடவும் இடமில்லை.

இங்கேயே கொப்பியை மூடியிருக்கலாம். கொண்டக்டர் மூடவில்லை. எனக்கு அவரைப் பிடித்தது அதனால்தான். ஏப்ரல் லீவில் டிக்கெட் கூடினால், 'சித்திரைப் புத்தாண்டுக்குச் சட்டை எடுக்கப் போன சனம்' என்று முகாமையாளர் சொல்லலாம். டிசெம்பரில் வெள்ளம் வந்து பாதை மாறியிருக்கலாம். ஓகஸ்டில் கோயில் திருவிழாக்கள் இருக்கும். லீவு வருகிற போதெல்லாம் வேறு ஏதாவது ஒன்றும் கூடவே வருகிறது. பள்ளி மட்டும் இல்லாமல் மற்ற எல்லாம் வழமைபோல் நடந்த ஒரு நாள் அவருக்கு வேண்டும்.

கிடைத்தது. ஆசிரியர்கள் சுகவீன லீவுப் போராட்டம் செய்த ஒரு புதன்கிழமை. அலுவலகம், கடை, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் திறந்திருந்தன. பிள்ளைகள் மட்டும் வீட்டில். அன்றைக்கு 61 டிக்கெட். முதல் நாள் செவ்வாய் 41, அடுத்த நாள் வியாழன் 42.

ஒருநாளை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று அவருக்கே பட்டது. அந்தக் கூடுதல் இருபது பேர் எங்கே ஏறினார்கள் என்று வே பில்லில் தரிப்பிடம் தரிப்பிடமாகப் பார்த்தார். முதல் தரிப்பிடங்களில் வித்தியாசமே இல்லை. கூடியது முழுக்கப் பாலத்துக்கு முன்னால் உள்ள கடைசி மூன்று தரிப்பிடங்களில். பிறகு நீலப் புள்ளி நாட்களையும் எடுத்துப் பார்த்தார், அங்கேயும் அதே மூன்று இடங்கள். புத்தாண்டுச் சனமாக இருந்தால் எல்லாத் தரிப்பிடத்திலும் கூடியிருக்க வேண்டும். பஸ் நிரம்பியதால் விடுபட்டவர்கள் என்றால், பஸ் நிரம்புகிற இடத்துக்குப் பிறகுதான் கூடும். அப்படித்தான் கூடியிருந்தது. அந்த இடங்களில்தான், 'தம்பி, இண்டைக்கும் இடமில்லையா?' என்று கேட்கிற கிளினிக் அட்டைக்கார ஆச்சி நிற்பா.

பிறகு அவர் ஏறமுடியாமல் நின்றவர்களையும் எண்ணத் தொடங்கினார். ஒரு நாள் ஆறு பேர், ஒரு நாள் ஒன்பது பேர். ஆனால் நீல நாட்களில் இருபது பேர் கூடுகிறார்களே, மற்றவர்கள் எங்கே? இந்த பஸ்ஸை நம்பி வருவதையே விட்டுவிட்டவர்கள் அவர்கள். மோட்டார் சைக்கிளில் கேட்டுப் போவார்கள், அல்லது கிளினிக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள். தரிப்பிடத்தில் நிற்பவரை எண்ணலாம், நிற்காமல் விட்டவரை எண்ண முடியாது. அதனால் அவர் தன் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் 'குறைந்தது' என்று எழுதி வைத்தார்.

கொப்பியைக் கொண்டுபோய் முகாமையாளரின் மேசையில் வைத்தார். அவர் சிவப்பையும் நீலத்தையும் நீண்ட நேரம் பார்த்துவிட்டுக் கிளார்க்கைக் கூப்பிட்டார். 'தம்பி, இதில சீசன் பிள்ளைகள் இல்லையா?' 'அது வேற ஃபைல் சேர்.' கதை இவ்வளவுதான். முகாமையாளர் பிறகு என்ன செய்தார் என்று நான் எழுதவில்லை. உண்மையான முகாமையாளர் முன்வரிசையில் இருக்கும்போது கதைக்கு முடிவு எழுத எனக்கு என்ன உரிமை?

(கைதட்டல்)

ஐயா சிரிக்கிறார், நன்றி. சிரிக்கும்போதே கேட்டுவிடுகிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஒரு பக்கம். எங்கள் பிள்ளைகள் ஏட்டிலேயே ஏறவில்லை என்பது இன்னொரு பக்கம். எங்கள் கரையில் காலைப் பஸ்ஸில் பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் என்பதைச் செயலாளர் அம்மாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று 'சிசு செரிய' பஸ்கள் நாட்டில் ஓடுகின்றன. அதில் ஒன்று எங்கள் பக்கம் வேண்டும் என்று நான் பேசாத கூட்டம் இல்லை. பிள்ளைகள் தனி பஸ்ஸில் போனால் 6.10 பஸ்ஸுக்கு டிக்கெட் கூடும். டிப்போவுக்கும் நட்டமில்லை. 7 மணி பஸ்ஸோடு சேர்த்தால் என்ன நடக்கும்? பள்ளி மணி அடிப்பது 7.30க்கு. பாலம் தாண்டிக் கல்லடி போகவே அந்த நேரம் போதாது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். க.பொ.த. சாதாரண தரக் கணக்கைப் பற்றி அடுத்த வருடம் கூப்பிட்டால் பேசுகிறேன். நூல்களைப் பற்றிச் செயலாளரிடம் பட்டியல் கொடுத்திருக்கிறேன்.

வாசல் மேசையில் சதுரத் தாள்கள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் நான்கு நிரல்கள்: டிக்கெட் எடுத்து ஏறியவர், சீசன் பிள்ளைகள், ஏறாமல் நின்றவர், அன்று பள்ளி உண்டா இல்லையா. பாலத்துக்கு முன்னால் உள்ள மூன்று தரிப்பிடங்களுக்கும் தரிப்பிடத்துக்கு இரண்டு பேர் வேண்டும், உயர்தர மாணவர்களாக இருந்தால் நல்லது. காலை 6 மணிக்கு நிற்க வேண்டும். லீவு நாட்களிலும் நிற்க வேண்டும், நீலப் புள்ளி இல்லாமல் சிவப்புப் புள்ளி ஒன்றும் சொல்லாது. ஒரு தவணையும் அடுத்த லீவும் எண்ணினால் போதும். தாள்களைத் தலைவரிடம் ஒப்படையுங்கள், நகல் எடுத்து ஒன்றை முகாமையாளர் ஐயாவிடமும் ஒன்றைச் செயலாளர் அம்மாவிடமும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீருக்குப் போகும் முன் கொடுத்துவிடுங்கள், பிறகு பேனை கிடைக்காது.