தலைதட்டிய கப்பில் எத்தனை கிராம்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு கப் மாவு எத்தனை கிராம் என்ற கேள்விக்கு ஒரு புத்தகம் 120 என்கிறது, இன்னொன்று 130 என்கிறது, மற்றொன்று 150 என்றும் அச்சிட்டிருக்கிறது. இவற்றில் எது சரி என்று கேட்டால், மூன்றுமே சரியாக இருக்கக்கூடும் என்பதே என் பதில். இது ஏன் என்பதையும், ஒரு தராசும் உங்களுடைய கப்பும் இருந்தால் உங்களுக்குரிய எண்ணை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் இந்த உரையில் சொல்ல முயல்கிறேன்.

கப்பும் கரண்டியும் இடத்தை அளக்கின்றன. கிராம் எடையை அளக்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் எண்ணுக்கு அடர்த்தி என்று பெயர். தண்ணீரைப் பொறுத்தவரை இது எளிது, ஏனெனில் ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். ஆனால் சர்க்கரையையோ அரிசியையோ மாவையோ கப்பில் நிரப்பும்போது, அந்தப் பொருளோடு துகள்களுக்கு இடையே உள்ள காற்றையும் சேர்த்தே அளக்கிறோம். ஒரு சர்க்கரைப் படிகத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதன் அடர்த்தி மில்லிக்கு 1.59 கிராம், அதே சர்க்கரை கப்பில் குவிந்திருக்கும்போது 0.85 கிராம்தான். அதாவது, கண்ணுக்கு நிறைந்து தெரியும் அந்தக் கப்பில் ஏறத்தாழ பாதி காற்று. காற்று இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த இரண்டாவது எண்ணைக் குவியல் அடர்த்தி என்று சொல்லலாம். சமையலறையில் நமக்கு வேண்டியது இதுதான்.

கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும்: கப்பின் கொள்ளளவை மில்லியில் எடுத்துக் குவியல் அடர்த்தியால் பெருக்கினால் கிராம் கிடைக்கும். சிக்கல் பெருக்கலில் இல்லை, பெருக்கப்படும் இரண்டு எண்களிலும் இருக்கிறது.

முதலில் கொள்ளளவைப் பார்ப்போம். எல்லாக் கப்பும் ஒன்றல்ல. மெட்ரிக் கப் 250 மில்லி. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் கப் 240 மில்லிக்குச் சற்றுக் குறைவு. மின்சார அரிசிக் குக்கரோடு வரும் சிறிய கப் பெரும்பாலும் 180 மில்லி. டேபிள்ஸ்பூன் பொதுவாக 15 மில்லி என்றாலும், ஆஸ்திரேலியாவில் அது 20 மில்லி. ஆகவே கப்பின் அடியில் பொறித்திருப்பதை நம்புவதைவிட, காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எடை பார்ப்பது நல்லது. தண்ணீர் விளிம்புக்கு மேல் மெல்லிய வளைவாக எழும்பி நிற்கும். அந்த மேடு தெரிந்தால் சில சொட்டுகளை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். 240 என்று பொறித்திருந்த என் கப்பில் 238 கிராம் தண்ணீர் கொண்டது. இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் தேநீர்க் கோப்பையைக் கப்பாக நினைத்து அளப்பவர்களுக்கு வரும் வேறுபாடு நிச்சயம் பொருட்படுத்தத் தக்கது.

இனி இரண்டாவது எண். இதே கப்பில் சர்க்கரையை ஊற்றி, நேரான கத்தி முதுகால் தலைதட்டி எடை பார்த்தேன். 203 கிராம் இருந்தது. 203 ஐ 238 ஆல் வகுத்தால் 0.85. பிறகு கப்பை மேசையில் இருபது முறை தட்டி, இறங்கிய இடத்தில் மேலும் சர்க்கரை போட்டு மறுபடி தலைதட்டினேன். 214 கிராம் ஆயிற்று. அரிசியிலும் இதே கதைதான்: தட்டாமல் 197 கிராம், தட்டி நிரப்பினால் 208 கிராம். எவ்வளவு முயன்று அமுக்கினாலும் இரண்டிலும் வேறுபாடு இருபதில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆகவே வெள்ளைச் சர்க்கரைக்கு 0.85 என்றும், குட்டையான அரிசிக்கு 0.83 என்றும், நீளமான ஒல்லி அரிசிக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக 0.77 அளவிலும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். குக்கர் கப்பின் 180 மில்லியை 0.83 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 150 கிராம் வருகிறது; அந்தக் கப் அரிசி 150 கிராம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவதும் இதனால்தான்.

மாவுதான் நம்மைச் சோதிக்கும் பொருள். மைதா மாவை அதே 238 மில்லிக் கப்பில் நான்கு விதமாக நிரப்பினேன். சல்லடையில் சலித்து, நேரே கப்பில் விழவிட்டுத் தலைதட்டியபோது 107 கிராம். டப்பாவில் உள்ள மாவைக் கரண்டியால் கிளறித் தளர்த்தி, கரண்டி கரண்டியாகக் கப்பில் போட்டுத் தலைதட்டியபோது 124 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளி, டப்பாவின் சுவரில் அழுத்தித் தலைதட்டியபோது 145 கிராம். மேசையில் தட்டித் தட்டி, இறங்க இறங்க நிரப்பியபோது 167 கிராம். மாவும் கப்பும் மாறவில்லை, தலைதட்டிய கத்திகூட மாறவில்லை. அடர்த்தி மட்டும் 0.45 இலிருந்து 0.70 வரை ஓடிவிட்டது.

சர்க்கரைக்கு இல்லாத இந்தக் குணம் மாவுக்கு எங்கிருந்து வந்தது? துகளின் அளவிலிருந்துதான். துகள்கள் ஒன்றையொன்று மெல்ல ஈர்க்கின்றன. அந்த ஈர்ப்பு துகளின் விட்டத்தைப் பொறுத்து மாறுகிறது, எடையோ விட்டத்தின் மும்மடியைப் பொறுத்து மாறுகிறது. சர்க்கரைப் படிகத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள மாவுத் துகளுக்கு எடை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், ஒட்டும் விசையோ பத்தில் ஒரு பங்காக மட்டுமே குறையும். எனவே சர்க்கரைப் படிகம் தன் எடையால் உருண்டு, கிடைத்த பள்ளத்தில் போய் அமர்கிறது. மாவுத் துகளோ விழுந்த இடத்திலேயே பக்கத்துத் துகளைப் பற்றிக்கொண்டு, அடியில் பள்ளம் இருந்தும் கீழே இறங்காமல் தொங்கி நிற்கிறது. சலிக்கும்போது உள்ளே புகும் காற்று அப்படியே தங்கிவிடுகிறது. தட்டும்போதும் அழுத்தும்போதும் அந்தத் தொங்கல்கள் சரிந்து காற்று வெளியேறுகிறது. மாவு மூட்டையில் நெடுநாள் இருந்த அடிப்பகுதி மாவு, மேற்பகுதி மாவைவிடக் கனமாக அளக்கப்படுவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே மாவின் குவியல் அடர்த்தி மாவுக்கு மட்டும் உரிய எண் அல்ல. மாவும் அதை நிரப்பிய கையும் சேர்ந்து தரும் எண். நிரப்பும் முறையைச் சொல்லாமல் கிராமை மட்டும் தரும் மாற்று அட்டவணையில், சர்க்கரை வரியையும் அரிசி வரியையும் நம்பலாம், மாவு வரியை நம்ப முடியாது. செய்முறையின் சொல்வரிசைகூட இங்கே பொருள் தருகிறது. “சலித்த மாவு ஒரு கப்” என்றால் சலித்த பிறகு அளக்க வேண்டும். “ஒரு கப் மாவைச் சலித்து” என்றால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். என் கப்பில் முன்னது 107 கிராம், பின்னது 124 கிராம். எழுதியவர் இந்த வேறுபாட்டை நினைத்துத்தான் எழுதினாரா என்பது வேறு விஷயம்.

ஒரு செய்முறையைக் கிராமுக்கு மாற்றிப் பார்ப்போம். மூன்று கப் மாவு, ஒரு கப் தண்ணீர், இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை என்று இருக்கிறது. உருட்டித் தேய்க்கும் மிருதுவான மாவு கிடைக்கும் என்றும் சொல்கிறது. என் கப்பில் தண்ணீர் 238 கிராம். சர்க்கரைக்கு 30 மில்லியை 0.85 ஆல் பெருக்கினால் சுமார் 25 கிராம். மாவைக் கரண்டியால் போட்டு அளந்ததாகக் கொண்டால் மூன்று கப்புக்கு 372 கிராம். கப்பால் அள்ளியதாகக் கொண்டால் 435 கிராம். இடையே 63 கிராம், அதாவது கரண்டியால் அளந்த அரைக் கப். இங்கே தண்ணீர் நமக்குச் சாட்சியாக வருகிறது, ஏனெனில் அதன் அளவில் தவறு நேர வாய்ப்பு குறைவு. முதல் கணக்கில் 100 கிராம் மாவுக்கு 64 கிராம் தண்ணீர். இரண்டாவதில் 55 கிராம். மைதாவில் 64 என்றால் மாவு கையில் ஒட்டும், தேய்க்கும்போது மேலும் மாவு தூவ வேண்டியிருக்கும். 55 என்றால் ஒட்டாமல் உருளும். செய்முறை சொல்வது தேய்க்கும் மாவு என்பதால், எழுதியவர் கப்பால் அள்ளுபவர் என்றே நான் ஊகிப்பேன். 435 கிராம் என்று குறித்துவைத்து, முதல் முறை பிசையும்போது 30 கிராம் மாவைத் தனியே நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் மட்டும் சேர்ப்பேன். ஒருவரின் ஒரு செய்முறையில் இந்த ஊகம் பலித்துவிட்டால், அவருடைய மற்றச் செய்முறைகளுக்கும் அதே எண்ணைப் பயன்படுத்தலாம்.

கரண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையை அளந்தால், 4 என்று காட்டுவது மூன்றரையாகவும் இருக்கலாம், நாலரையாகவும் இருக்கலாம். பத்து டீஸ்பூன் போட்டு மொத்த எடையைப் பத்தால் வகுத்தால் பிழையும் பத்தில் ஒரு பங்காகிவிடும். 5 மில்லிக் கரண்டிக்குச் சர்க்கரை 4.2 கிராம் அளவில் வரும். குவித்து அளக்கும் கரண்டி தனிக் கதை. அரைக்கோள வடிவக் கரண்டியில் மாவு 45 பாகைச் சரிவில் கூம்பாக நின்றால், அந்தக் கூம்பின் கொள்ளளவு கரண்டிக் குழியின் கொள்ளளவில் சரியாகப் பாதி. சர்க்கரை அத்தனை செங்குத்தாக நிற்காது. சுமார் 35 பாகையில் சரிந்துவிடும், ஆகவே மூன்றில் ஒரு பங்குதான் கூடும். ஆழமில்லாத கரண்டி என்றால் இரண்டுமே இன்னும் கூடும். எனவே குவித்த ஒரு கரண்டி என்று செய்முறை சொன்னால், சர்க்கரைக்கும் மாவுக்கும் ஒரே பெருக்கு எண்ணைப் போடக்கூடாது.

அரிசியைக் கரண்டியால் அளப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. நீளமான மணிகள் சிறிய குழியின் சுவரோரத்தில் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள முடியாமல் இடைவெளி விடுகின்றன; தலைதட்டும் கத்தியோ பாதி வெளியே நீட்டிய மணிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. கப்பில் சரியாக இருக்கும் 0.83 என்ற எண் டீஸ்பூனில் பொய்த்துவிடும். அரிசியைக் கழுவிய பிறகு அளப்பதும் அப்படியே: மணிகளில் ஒட்டிய நீரும் மணிகள் உறிஞ்சிய நீரும் எடையில் ஏறிவிடும், எத்தனை கிராம் நீர் என்று பிறகு பிரித்துச் சொல்ல வழியில்லை. உலர்ந்த நிலையில் எடை போட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும்.

உங்கள் மாவுக்குரிய எண்ணைக் கண்டுபிடிக்க, வழக்கமாக எப்படி அளப்பீர்களோ அப்படியே ஐந்து முறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் எடையை எழுதுங்கள். அளந்த மாவை மறுபடி டப்பாவில் கொட்டிக் கிளறிவிட்டு அடுத்த முறை நிரப்ப வேண்டும். ஐந்து எண்களும் ஐந்தாறு கிராமுக்குள் அடங்கினால் சராசரியை எடுத்து, நிரப்பிய முறையோடு சேர்த்து டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள். பதினைந்து இருபது கிராம் சிதறினால், உங்கள் கை ஒவ்வொரு முறையும் வேறுவிதமாக நிரப்புகிறது என்று பொருள். அப்போது சராசரி எடுத்துப் பயனில்லை. மாவைக் கிளறிக் கரண்டியால் போடும் முறைக்கு மாறி, ஐந்து முறையும் புதிதாக அளந்து பாருங்கள். வணக்கம்.