"கடலை அலர்ஜி" என்றால் எந்தக் கடலை?

(திரையில்: தோசைத் தட்டு, பக்கத்தில் மூன்று கிண்ணங்களில் சட்னி)

"பையனுக்குக் கடலை அலர்ஜிங்க. இதுல எதுலயாவது கடலை இருக்கா?"

வேலைக்குச் சேர்ந்து நாலு நாளான சப்ளையரிடம் ஒரு அம்மா இப்படிக் கேட்கிறார். அவர் சட்டென்று "இல்லைங்கம்மா" என்கிறார். பொய் சொல்லவில்லை, அவர் மனதில் வந்தது கொண்டைக்கடலை. நம் ஊரில் கடலை என்றால் கொண்டைக்கடலையும் உண்டு, பொட்டுக்கடலையும் உண்டு, கடலைப்பருப்பும் உண்டு, பஜ்ஜிக்குக் கரைக்கிற கடலை மாவும் உண்டு. அந்த அம்மா சொன்னது வேர்க்கடலை. அதனால் புது ஆளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது பதில் இல்லை, ஒரு கேள்வி: "வேர்க்கடலையாம்மா? வேற ஏதாவதும் சேராதா, முந்திரி மாதிரி?" வேர்க்கடலை பருப்பு வகைச் செடி, முந்திரி மரத்துக் கொட்டை. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், போகாமலும் இருக்கலாம், அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். சப்ளையர் வடமாநிலத்துப் பையன் என்றால் மூங்ஃபலி, காஜு என்ற பெயர்களையும் சேர்த்தே பழக்குங்கள், "நட்ஸ்" என்றால் அவர் பாதாம் பிஸ்தாவோடு நின்றுவிடுவார்.

சரி, இப்போது அந்தத் தட்டையே பார்ப்போம்.

(திரையில்: சட்னிக் கிண்ணம் நெருக்கத்தில்)

தேங்காய் சட்னி. பார்த்தால் வெள்ளை, ருசித்தாலும் தேங்காய்தான். ஆனால் தேங்காய் விலை ஏறுகிற வாரத்தில் பொட்டுக்கடலை கூடும், சில கடைகளில் ஒரு கை வேர்க்கடலையும் விழும். அதாவது நேற்றைக்குச் சரியாக இருந்த பதில் இன்றைக்குத் தப்பாகிவிடும். கார சட்னியில் கெட்டியாக வருவதற்கு வேர்க்கடலையை அரைத்துவிட்டிருப்பார்கள், நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் மிக்ஸி ஜார்: வேர்க்கடலை சட்னி அரைத்த ஜாரை லேசாக அலசிவிட்டுத் தேங்காயைப் போட்டால் அதிலும் வேர்க்கடலை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்னி வாளியில் கரண்டி மாறினாலும் அதே கதை.

தோசைக்கல்லில் விடும் எண்ணெயை யாரும் நினைப்பதே இல்லை. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் அலர்ஜியைக் கிளப்பும் புரதம் பெரும்பாலும் நீங்கியிருக்கும், செக்கு எண்ணெயில் இருக்கும். இதில் எது பரவாயில்லை என்று முடிவெடுப்பது சப்ளையர் வேலை இல்லை. "கல்லுக்குச் செக்குக் கடலை எண்ணெய்தான் விடுறோம்" என்று உள்ளதைச் சொன்னால் போதும், அவர்களே முடிவெடுப்பார்கள். மாஸ்டர்கள் "சூட்டில் எல்லாம் போயிடும்" என்பார்கள். போகாது. வறுத்த வேர்க்கடலையும் அலர்ஜியைக் கொடுக்கும். புளியோதரையில் கிடக்கும் வேர்க்கடலையைப் பொறுக்கிவிட்டுக் கொடுப்பதும் ஆகாது, தொட்ட சாதம் தொட்டதுதான்.

இதனால்தான் காலையில் கடை திறக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்கிறேன். மாஸ்டர் நிற்க, சப்ளையர்கள் எல்லாரும் அன்றைய சட்னி, பொடி, குருமாவை ஆளுக்கொரு விரல் தொட்டு ருசிக்க வேண்டும், எதில் என்ன அரைத்தது, எந்த எண்ணெய் என்று மாஸ்டர் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். பதார்த்தத்தை விவரிக்கிற பயிற்சியும் இங்கேயே முடிந்துவிடும். "பொடி தோசை எப்படி இருக்கும்?" என்றால் "சூப்பரா இருக்கும் சார்" என்பது பதிலே இல்லை. "மெல்லிசா வார்த்து, மேல பொடி தூவி நல்லெண்ணெய் விடுவோம், பொடியில எள்ளும் வேர்க்கடலையும் இருக்கு, காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். அலர்ஜி இருப்பவர் கேட்பதற்கு முன்பே காதில் விழுந்துவிட்டது.

மேசைக்குத் திரும்புவோம். நம் சப்ளையர் இப்போது சொல்ல வேண்டியது: "இருங்கம்மா, மாஸ்டர்ட்ட கேட்டுட்டு வந்துடுறேன்." பக்கத்து மேசை சப்ளையரிடம் கேட்கக் கூடாது, மாஸ்டரிடம்தான். "இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்ற வாக்கியம் எங்கள் கடையில் தடை. ஆர்டர் சீட்டில் பெரிதாக "வேர்க்கடலை ஆகாது, 7ஆம் மேசை" என்று எழுதி, அதை மாஸ்டர் கையிலேயே கொடுக்க வேண்டும்.

(திரையில்: சப்ளையர் மேசைக்குத் திரும்புகிறார்)

"அம்மா, தேங்காய் சட்னியில இன்னைக்கு வேர்க்கடலை போடலை, ஆனா வேர்க்கடலை சட்னிக்கும் இதுக்கும் ஒரே ஜார். அதனால சட்னி வேண்டாம். கல்லைத் துடைச்சுட்டு நெய்யில தனியா ஒரு தோசை போடச் சொல்லவா? அதே கல்லுதான், முழு உத்தரவாதம் தர முடியாது. சாம்பார்ல வேர்க்கடலை இல்லை, கரண்டியும் தனி."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, தோசை வேண்டாம், இட்லியும் சாம்பாரும் போதும் என்கிறார். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவீர்களா என்றும் கேட்கிறார். துணி போட்டு வார்ப்பதுதான் என்று சப்ளையர் பையனுக்குத் தெரியும், இருந்தாலும் இன்னொரு தடவை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருகிறான். அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு கையில் அடுக்காமல், தனியாக எடுத்து வந்து வைக்கிறான்.